ஃபுட்டிங்குக்குள் இறங்கும் கம்பி

வீடு கட்டத் தொடங்குகிறவர்கள் பில்லருக்கு எத்தனை கம்பி, எத்தனை எம்.எம். என்று தவறாமல் கேட்கிறார்கள். அந்தக் கம்பி ஃபுட்டிங்குக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று கேட்பவர் மிகக் குறைவு. மேலே தெரியும் தூணை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், தட்டிப் பார்க்கலாம், ஒரு இன்ஜினியரை வைத்துச் சோதிக்கலாம். ஃபுட்டிங்குக்குள் போன கம்பியோ கான்கிரீட் விழுந்த நிமிடத்தோடு கண்ணிலிருந்து மறைந்துவிடும். அதன் மேல் மண்ணும் மூடிவிடும். ஆகவே அதைப் பற்றி அறிய வேண்டியதை முன்னதாகவே அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

தூணும் ஃபுட்டிங்கும் ஒரே நாளில் வார்க்கப்படுவதில்லை. முதலில் குழியில் பிசிசி போட்டு, அதன் மேல் கம்பி மேட் கட்டி, ஃபுட்டிங் கான்கிரீட் போடுவார்கள். அது இறுகிய பிறகுதான் தூண் எழும். அப்படியானால் இரண்டுக்கும் நடுவே ஒரு இணைப்பு நிற்கிறது. அந்த இணைப்பைத் தைத்துப் பிடிப்பவை, மேட்டின் மேல் எல் வடிவில் கால் மடக்கி நிறுத்தப்பட்டு, ஃபுட்டிங்கைத் தாண்டி மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள். அவை தூணின் முழுக் கம்பியாகவே மேலே போகலாம். அல்லது ஓரளவு உயரத்தோடு நறுக்கி விடப்பட்டு, பிறகு அவற்றோடு தூண் கம்பி சேர்த்துக் கட்டப்படலாம். இரண்டாவது வகையைத்தான் ஸ்டார்ட்டர் கம்பி என்றும் டவல் கம்பி என்றும் சொல்கிறார்கள். நம் ஊர் சைட்டில் ‘ஸ்டார்ட்டர்’ என்றால் தூண் பெட்டியை நேராக நிறுத்துவதற்காக அடியில் போடும் நாலு அங்குலக் கான்கிரீட்டையும் குறிக்கும். இங்கே பேசுவது கம்பியைப் பற்றி மட்டும்.

ஒரு வீட்டையே எடுத்துக்கொள்வோம். தரைத்தளமும் அதன் மேல் ஒரு மாடியும் கொண்ட வீடு, 12 தூண்கள். ஒவ்வொரு தூணும் 300 மி.மீ.க்கு 300 மி.மீ., அதாவது ஒரு அடிச் சதுரம். மூலைக்கு ஒன்று, நடுவில் ஒன்று என்று தூணுக்கு 8 கம்பி, எல்லாம் 16 மி.மீ. கம்பியின் தரம் எஃப்.இ. 500, கான்கிரீட் எம் 25. ஃபுட்டிங் ஆறடிக்கு ஆறடி, அதன் கனம் ஒன்றரை அடி, அதாவது 450 மி.மீ. தமிழ்நாட்டில் ஒரு தெருவில் நடந்தால் இதையொத்த வீடு நாலைந்தாவது கட்டிக்கொண்டிருப்பார்கள்.

இந்த 16 மி.மீ. கம்பி ஒன்று தன் முழு வலிமையையும் காட்டினால் எவ்வளவு தாங்கும்? அதன் குறுக்குப் பரப்பு 201 சதுர மி.மீ. வடிவமைப்பில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 435 நியூட்டன் என்று எடுத்துக்கொள்வார்கள். பெருக்கினால் ஏறத்தாழ 9 டன். ஒற்றைக் கம்பியில் 9 டன் விசை வருகிறது என்றால், அந்த விசை கம்பியை விட்டுக் கான்கிரீட்டுக்குள் போயாக வேண்டும். அது போகும் ஒரே வழி, கம்பியின் மேற்பரப்பைக் கான்கிரீட் கவ்விப் பிடிக்கும் பிடிமானம்தான். கம்பியில் முறுக்கும் வரியும் இருப்பது இதற்காகத்தான். வழவழப்பான கம்பியைவிட வரியுள்ள கம்பிக்கு 60 சதவீதம் கூடுதல் பிடிமானம் உண்டு என்று நமது ஐ.எஸ். 456 விதிநூல் அனுமதிக்கிறது. கம்பி அழுத்தத்தில் இருந்தால் மேலும் 25 சதவீதம் கூட்டிக்கொள்ளலாம்.

பிடிமானம் பரப்பைப் பொறுத்தது. கம்பியின் சுற்றளவு மாறாது, ஆகவே நீளத்தைத்தான் கூட்ட முடியும். 9 டன்னையும் கான்கிரீட்டுக்குள் இறக்கி முடிக்க எவ்வளவு நீளம் தேவையோ, அதற்கு டெவலப்மென்ட் லெங்த் என்று பெயர். பிடிமான நீளம் என்று சொன்னால் நமக்குப் போதும். நம் வீட்டின் கணக்கில் இது கம்பி அழுத்தப்படும்போது விட்டத்தைப்போல் 39 மடங்கு, இழுக்கப்படும்போது 49 மடங்கு. 16 மி.மீ. கம்பிக்கு அழுத்தத்தில் 620 மி.மீ., இழுவையில் 780 மி.மீ. என்று வருகிறது.

இங்கே ஒரு இடைக்குறிப்பு சொல்லியே ஆக வேண்டும். கம்பி கட்டுகிறவர் எவரைக் கேட்டாலும் “அம்பது டி விட்டிருக்கோம் சார்” என்பார். டி என்றால் விட்டம். 50 மடங்கு என்ற இந்த வாய்ப்பாடு எஃப்.இ. 415 கம்பியும் எம் 20 கான்கிரீட்டும் புழங்கிய காலத்துக்குச் சரியாகப் பொருந்தியது. அப்போது இழுவைக்கு வேண்டியது 47 மடங்குதான். இன்று கடையில் கிடைப்பது 500, 550 தரக் கம்பி. கான்கிரீட் மட்டும் பல வீடுகளில் இன்னும் எம் 20தான். 500 தரக் கம்பியை எம் 20 கான்கிரீட்டில் போட்டால் 57 மடங்கு வேண்டும். 550 தரமென்றால் 62 மடங்கு. அதாவது 16 மி.மீ. கம்பிக்கு ஒரு மீட்டர். “நல்ல ஸ்ட்ராங்கான கம்பியா வாங்கியாச்சு” என்று 550 தரத்தை வாங்கி வருகிறவர், அந்த வலிமை முழுவதும் கிடைக்க வேண்டுமென்றால் கூடுதல் நீளமும் விட வேண்டும் என்பதையும் சேர்த்தே வாங்குகிறார். கம்பி மாறிவிட்டது, வாய்ப்பாடு மாறவில்லை.

சரி, நம் ஃபுட்டிங்கில் எவ்வளவு ஆழம் கிடைக்கிறது என்று பார்ப்போம். மொத்தக் கனம் 450. அடியில் மண் ஈரம் கம்பியைத் தொடாமலிருக்க 50 மி.மீ. கவர் பிளாக். அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாக 12 மி.மீ. கம்பியில் கட்டிய மேட், இரண்டு அடுக்கு, 24 மி.மீ. தூண் கம்பி இந்த மேட்டின் மேல்தான் உட்காரும். மிச்சம் 376 மி.மீ. அழுத்தத்துக்கு வேண்டியது 620. கிட்டத்தட்ட 250 மி.மீ. பற்றாக்குறை. கண்ணில் படாத பத்து அங்குலம்.

இதைச் சொன்னதும் சைட்டில் வரும் மறுமொழி ஒன்று உண்டு. “அதான் எல் நல்லா நீளமா விட்டிருக்கோமே சார், அது புடிச்சுக்கும்.” பலரும் மனதார நம்புவது இதைத்தான். பாதி உண்மை, பாதி உண்மையில்லை. அந்தப் பாதி எது என்று தெரிந்துகொள்வதுதான் இந்த விஷயத்தின் மையம்.

கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக் கரண்டியை நினைத்துப் பாருங்கள். மேலே இழுக்கும்போது அதன் கொக்கி கவ்விக்கொள்கிறது. கீழே அழுத்தினால் அந்தக் கொக்கியால் ஒரு பயனும் இல்லை. எல் வளைவும் அப்படித்தான். கம்பியை மேல்நோக்கி இழுக்கும் விசை வந்தால் வளைந்த கால் கான்கிரீட்டில் மாட்டிக்கொண்டு இழுவையைத் தாங்கும். 90 பாகை வளைவு ஒன்றுக்கு விட்டத்தைப்போல் 8 மடங்கு நீளத்துக்குச் சமமான பிடிமானம் உண்டு என்று விதிநூல் கணக்கு வைத்துக்கொள்ள விடுகிறது. வளைவைத் தாண்டிப் போகும் நேர் நீளமும் கணக்கில் சேரும். ஆனால் கம்பியைக் கீழ்நோக்கி அழுத்தும் விசைக்கு, விசையின் திசையில் உள்ள நீளம் மட்டும்தான் செல்லும். படுத்திருக்கும் கால் ஒரு அடி நீளமானாலும் மூன்று அடி நீளமானாலும் அழுத்தத்தில் அதற்கு மதிப்பில்லை. அந்தக் காலுக்குக் கீழே இருப்பது மேட்டும் 50 மி.மீ. கவரும்தான் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் சாதாரண நேரத்தில், வீட்டின் எடை மட்டும் கீழே இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், தூண் கம்பி அழுத்தத்தில்தானே இருக்கிறது? 376 மி.மீ.யை வைத்துக்கொண்டு ஊரில் இத்தனை வீடுகள் எப்படி நிற்கின்றன?

நியாயமான கேள்வி. பதில், எடையைச் சுமப்பது கம்பி மட்டுமல்ல என்பதுதான். இப்படிப்பட்ட வீட்டில் நடுத்தூண் ஒன்றுக்கு, பாதுகாப்புக் காரணி எல்லாம் சேர்த்து, சுமார் 700 கிலோ நியூட்டன், அதாவது 70 டன் அளவுக்குச் சுமை வரும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு அடிச் சதுரத்தில் எம் 25 கான்கிரீட் மட்டுமே, கம்பியின் உதவி இல்லாமல், தூணின் அடியில் தாங்கக்கூடியது 1,012 கிலோ நியூட்டன். நூறு டன்னுக்கு மேல். தூணிலிருந்து ஃபுட்டிங்குக்குச் சுமையைக் கைமாற்றக் கான்கிரீட்டே போதுமானதாக இருக்கிறது. கம்பி அதன் முழு 9 டன்னையும் காட்ட வேண்டிய தேவை அங்கே வருவதில்லை. பிடிமான நீளம் கம்பியில் உண்மையாக வரும் விசைக்கு ஏற்பக் கணக்கிடப்படுவது என்பதால், விசை குறைந்தால் நீளமும் குறையும்.

கான்கிரீட் போதும் என்பதற்காகக் கம்பியே வேண்டாம் என்று விதிநூல் விட்டுவிடவில்லை. தூணின் பரப்பில் அரை சதவீதமாவது, குறைந்தது 4 கம்பி, இணைப்பைக் கடந்து போக வேண்டும் என்கிறது. நம் தூணுக்கு அரை சதவீதம் 450 சதுர மி.மீ. நான்கு 12 மி.மீ. கம்பி போட்டாலே 452 வந்துவிடும். நம்மிடம் இருப்பதோ எட்டு 16 மி.மீ. ஆகவே சுமை மட்டும் என்றால் கவலைக்கு இடமில்லை. ஐந்து, ஆறு மாடி என்று போய், தூணின் சுமை கான்கிரீட் தாங்குவதைத் தாண்டும்போதுதான் மிச்சத்தைக் கம்பி சுமக்க வேண்டிவரும். அங்கே 376 மி.மீ. செல்லாது. ஃபுட்டிங்கின் கனத்தைக் கூட்டியே ஆக வேண்டும். கூட்டுவது மலிவல்ல. ஆறடிச் சதுர ஃபுட்டிங்கில் 250 மி.மீ. கூட்டினால் ஒன்றுக்கு 0.84 கன மீட்டர், 12 ஃபுட்டிங்குக்குப் பத்து கன மீட்டர் கான்கிரீட். அதற்குப் பதிலாக மெல்லிய கம்பியாக எண்ணிக்கையைக் கூட்டிப் போடலாம். 12 மி.மீ. கம்பிக்கு அழுத்தத்தில் 466 மி.மீ. போதும். ஃபுட்டிங்கை 100 மி.மீ. கூட்டினாலே அது கிடைத்துவிடும். கம்பியின் விட்டம் பாதியானால் அது தாங்கும் விசை கால் பங்காகக் குறைகிறது, பிடிமானம் தரும் சுற்றளவோ பாதிதான் குறைகிறது. மெல்லிய கம்பி சீக்கிரம் பிடித்துக்கொள்வதன் காரணம் இதுதான்.

ஆனால் வீட்டுக்கு வருவது எடை மட்டுமல்ல. பக்கவாட்டில் ஒரு விசை வந்தால், நிலம் அசைந்தால், தூண் தன் அடியில் வளைய முற்படும். அப்போது ஒரு பக்கக் கம்பிகள் அழுந்தும், எதிர்ப்பக்கக் கம்பிகள் இழுபடும். இழுவையைக் கான்கிரீட் தாங்காது. அங்கே கம்பியைத் தவிர வேறு துணை இல்லை. அந்தக் கம்பி முழு வலிமையையும் காட்டியாக வேண்டும். எல் காலுக்கு மதிப்பு வருவதும் இந்த இடத்தில்தான்.

இழுவைக்கு வேண்டியது 780 மி.மீ. வளைவு தொடங்கும்வரை செங்குத்தாகக் கிடைப்பது சுமார் 300. வளைவுக்கு 8 மடங்கு, அதாவது 128. மிச்சம் 350 மி.மீ. வளைவைத் தாண்டிப் படுத்த நிலையில் இருக்க வேண்டும். வளைவின் இடத்தையும் சேர்த்து அளந்தால் எல்லின் கால் சுமார் 430 மி.மீ., 17 அங்குலம். நான் பார்த்த பல சைட்டுகளில் இந்தக் கால் ஒன்பது அங்குலம்தான், மிஞ்சினால் ஒரு அடி. “மேட்டு மேல நிக்கத்தானே சார் கால்” என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். நிற்பதற்கு ஒன்பது அங்குலம் போதும். இழுவையைத் தாங்க அது போதாது. இரண்டும் வேறு வேறு வேலை.

இனி கம்பியின் கணக்குக்கு வருவோம். வீட்டுக்காரருக்கும் ஒப்பந்ததாரருக்கும் மனக்கசப்பு வருகிற இடம் இது. எஸ்டிமேட்டில் எழுதிய கம்பியைவிடக் கூடுதலாக ஏன் ஆனது என்று வீட்டுக்காரர் கேட்கும்போது, ஒப்பந்ததாரர் “லேப்பு, வேஸ்ட்டேஜு” என்று சொல்லி முடித்துவிடுவார். உண்மையில் எவ்வளவு ஆகும் என்று நாமே போட்டுப் பார்க்கலாம்.

கம்பியின் விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 16 மி.மீ.க்கு 1.58 கிலோ. ஃபுட்டிங்கின் மேல்மட்டத்திலிருந்து பேஸ்மட்டம் ஒன்றரை மீட்டர், அதற்கு மேல் மூன்று மூன்று மீட்டராக இரண்டு தளம், மொத்தம் ஏழரை மீட்டர். எட்டுக் கம்பிக்கு 95 கிலோ. தூணின் உயரத்தை மட்டும் பார்த்து எஸ்டிமேட் போடுகிறவர் இங்கேயே நின்றுவிடுவார்.

ஃபுட்டிங்குக்குள் இறங்கும் 376 மி.மீ.யும், எல் காலின் 430 மி.மீ.யும் சேர்ந்து, வளைக்கும்போது மிச்சமாகும் சிறிதைக் கழித்தால், கம்பிக்கு 77 சென்டிமீட்டர். எட்டுக் கம்பிக்கு 10 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இது தவிர்க்கக் கூடாத கம்பி. இதை எஸ்டிமேட்டில் எழுதாதவர் ஒன்று கணக்குத் தெரியாதவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் சைட்டில் அதைக் குறைக்கப்போகிறவராக இருக்க வேண்டும்.

அடுத்தது, கம்பியை நறுக்கி ஸ்டார்ட்டராக விட்டால் வரும் கூடுதல். ஸ்டார்ட்டரோடு தூண் கம்பியை இணைக்க இரண்டும் பக்கம் பக்கமாக 800 மி.மீ. சேர்ந்திருக்க வேண்டும். அந்த 800 மி.மீ. உயரத்தில் எட்டுக் கம்பிக்குப் பதில் பதினாறு கம்பி நிற்கும். இதற்கு ஆகும் கூடுதல் கம்பி 10 கிலோ. கடையில் 12 மீட்டர் நீளத்தில் வரும் கம்பியைக் கொண்டு கட்டும்போது, மேலே எங்காவது ஓரிடத்தில் லேப் வரத்தான் செய்யும். அடியில் ஸ்டார்ட்டர் வைத்தால் அதோடு இன்னொரு லேப் கூடுகிறது. லேப் வரும் நீளத்தில் ரிங்கையும் நெருக்கிக் கட்ட வேண்டும் என்பதால் இன்னும் ஒரு கிலோ சேரும்.

ஆக, 95 கிலோ என்று எழுதிய தூணுக்கு 115 கிலோ ஆகிறது. 12 தூணுக்குச் சேர்த்தால் கால் டன். இதில் பாதி ஃபுட்டிங்குக்குள் இருந்தே தீர வேண்டியது. மறுபாதி, ஸ்டார்ட்டருக்காக அடியில் போட்ட லேப், வேண்டாமென்றால் விட்டுவிடக்கூடியது.

விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து. காரணம் 120 கிலோ கம்பி அல்ல. லேப் எந்த இடத்தில் விழுகிறது என்பதுதான். நிலநடுக்கத்தில் தூணுக்கு மிக அதிக வளைவு விசை வருவது அதன் அடியிலும் தலையிலும். கம்பியை ஒட்டுப்போட அதைவிடத் தப்பான இடம் இல்லை. நிலநடுக்கத்துக்கான ஐ.எஸ். 13920 விதிநூல், தூணின் தெளிந்த உயரத்தில் நடுப்பாதியில் மட்டுமே லேப் போட வேண்டும், ஒரே மட்டத்தில் பாதிக் கம்பிக்கு மேல் லேப் கூடாது என்கிறது. 1993-இல் வந்த இந்த நூல் 2016-இல் திருத்தப்பட்டது. சென்னையும் கோயம்புத்தூரும் நில அதிர்வு மூன்றாம் மண்டலத்தில் வைக்கப்பட்ட ஊர்கள். அந்த மண்டலத்துக்கு இந்த விதி பொருந்தும். ஃபுட்டிங்கிலிருந்து பிளின்த் பீம் வரை உள்ள குட்டைத் தூணின் உயரம் பெரும்பாலும் நாலடிதான். அதன் நடுப்பாதி இரண்டடி. 800 மி.மீ. லேப் அதற்குள் அடங்காது. அப்படியானால் ஃபுட்டிங்கில் கால் வைத்த கம்பி வெட்டப்படாமல் பிளின்த் பீமைத் தாண்டி, தரைத்தளத் தூணின் நடுவரைக்குமாவது போக வேண்டும். நான்கு கம்பியை அங்கே லேப் செய்து, மற்ற நான்கையும் மாடித் தூணின் நடுவில் லேப் செய்தால் பாதிக்குப் பாதி என்ற விதியும் நிறைவேறும்.

இதற்கும் ஒரு விலை உண்டு. நாலு மீட்டர், ஏழு மீட்டர் உயரக் கம்பி குழிக்குள்ளிருந்து காற்றில் ஆடிக்கொண்டு நிற்கும். சவுக்குக் கொம்பு கட்டி, நாலு பக்கமும் கயிறு இழுத்து நிறுத்த வேண்டும். ஃபுட்டிங் கான்கிரீட் இறுகிக்கொண்டிருக்கும்போது மேலே யாராவது கம்பியைப் பிடித்து அசைத்தால் அடியில் கான்கிரீட்டோடு உள்ள பிடிமானம் கழன்றுபோகும். இந்தத் தொல்லைக்காகத்தான் பலர் ஸ்டார்ட்டருக்குப் போகிறார்கள். இரண்டு நாள் கவனமாக இருக்க முடியுமென்றால் முழுக் கம்பியே மேல்.

அடியில் லேப் போட்டால் வரும் இன்னொரு கெடுதலைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒன்பது அங்குலத்துக்கு ஒரு அடித் தூணில், கவரும் ரிங்கும் போக, உள்ளே கிடைக்கும் அகலம் ஆறு அங்குலத்துக்கும் குறைவு. அதற்குள் பதினாறு கம்பி நின்றால் 20 மி.மீ. ஜல்லி அடிவரை இறங்காது. பால் மட்டும் வடிந்து, ஜல்லி மேலே தங்கிவிடும். பெட்டியைக் கழற்றும்போது தூணின் அடியில் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாகத் தெரிவது இதனால்தான். உடனே சிமென்ட் பூசி மறைத்துவிடுவார்கள். லேப் என்பதே இரண்டு கம்பிக்கும் நடுவில் கான்கிரீட் இருந்து விசையைக் கைமாற்றுவது. கான்கிரீட்டே இல்லாத இடத்தில் லேப் நீளம் 800 இருந்தென்ன, 1,000 இருந்தென்ன?

வேலை நடக்கும்போது கெட்டுப்போவதை மூன்று இடத்தில் பிடித்துவிடலாம். முதலாவது, ஃபுட்டிங் போட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு கம்பி குறைகிறது என்று தெரிந்து, ஈரக் கான்கிரீட்டில் கம்பியைக் குத்திச் செருகுவது. செருகிய கம்பியைச் சுற்றி வெற்றிடம் தங்கும். ரிங்கோடும் மேட்டோடும் கட்டாத கம்பி சாய்ந்தும் போகும். அது வெளியே மற்றக் கம்பிகளைப் போலவே தெரியும், உள்ளே பிடிமானம் இருக்காது. இதற்கு நேர்மையான மருந்து, மேட் கட்டும்போதே தூண் கூட்டை முழுதாகக் கட்டி, ஃபுட்டிங்குக்குள்ளும் ரிங் போட்டு நிறுத்துவது. தூணின் நெருக்க ரிங்குகள் ஃபுட்டிங்குக்குள் குறைந்தது 300 மி.மீ. வரை தொடர வேண்டும் என்று விதிநூலும் கேட்கிறது. பெரும்பாலான சைட்டில் உள்ளே ஒரு ரிங்தான் இருக்கிறது, அதுவும் கூட்டைப் பிடிக்க மட்டும்.

இரண்டாவது, நூல் பிடித்ததில் பிசகி, ஸ்டார்ட்டர்கள் தூணின் இடத்தை விட்டு இரண்டு மூன்று அங்குலம் தள்ளி வந்துவிடுவது. அப்போது இரும்புக் குழாயைக் கம்பியில் மாட்டி ஒரே நெம்பாக நெம்பி உள்ளே தள்ளுவார்கள். தூண் கம்பி சாய்ந்து போக வேண்டியிருந்தால் அந்தச் சாய்வு ஆறுக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது. இரண்டு அங்குலம் உள்ளே வர ஒரு அடி உயரமாவது வேண்டும். ஃபுட்டிங் மட்டத்திலேயே சட்டென்று ஒடித்து நிமிர்த்திய கம்பி, பளு வரும்போது வெளிப்பக்கமாகப் பிதுங்கித் தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டை உதிர்க்கும். அடியைச் சுற்றியுள்ள கான்கிரீட்டும் நெம்பும்போதே விரிசல் விட்டிருக்கும். அவ்வளவு தள்ளிப் போயிருந்தால் நெம்புவதைவிட, இன்ஜினியரிடம் கேட்டு, ஃபுட்டிங்கில் துளையிட்டுக் கெமிக்கல் வைத்துப் புதுக் கம்பி நடுவது மேல். அதிலும் துளையின் ஆழம்தான் எல்லாம். தூசியை ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதிச் சுத்தம் செய்யாத துளையில் எந்தக் கெமிக்கலும் பிடிக்காது.

மூன்றாவது சின்ன விஷயம். ஃபுட்டிங் போடும்போது மேலே நிற்கும் கம்பியில் சிமென்ட் பால் தெறித்துக் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். தூண் போடுவதற்கு முன் அதைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டிவிட வேண்டும். புதுக் கான்கிரீட் கவ்வ வேண்டியது கம்பியை, உதிரப்போகும் பழைய பொருக்கை அல்ல.

வீடு கட்டுகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். ஃபுட்டிங் கான்கிரீட்டுக்கு முந்தைய நாள் மாலை வரைபடத்தையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்குங்கள். ஃபுட்டிங்கின் மேல்மட்டம் எங்கே வரும் என்று கம்பியில் சுண்ணாம்பால் ஒரு குறி வைக்கச் சொல்லுங்கள். அந்தக் குறியிலிருந்து மேட்வரை எவ்வளவு, எல்லின் கால் எவ்வளவு, ஃபுட்டிங்குக்குள் எத்தனை ரிங், குறிக்கு மேலே கம்பி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று நான்கையும் அளந்து படத்தோடு ஒத்துப் பாருங்கள். படத்தில் இந்த நான்கும் எழுதப்படவில்லையென்றால், எழுதித் தரச் சொல்லி இன்ஜினியரிடம் கேளுங்கள். அளவு குறைந்தால், கான்கிரீட்டை மறுநாளைக்குத் தள்ளிவையுங்கள்.